41 எப்படி 48 ஆனது? தவணைக்குத் தவணை ஒப்பிடக்கூடிய பாய்தல், ஓட்டச் சோதனைகள்

முதலாந் தவணையில் 41 சென்ரிமீற்றர். மூன்றாந் தவணையில் 48. தரம் 9 மாணவன் ஒருவனின் நிலைக்குத்துப் பாய்தல் பெறுபேறு என் கொப்பியில் இப்படித்தான் இருந்தது. நின்ற இடத்திலிருந்து மேலே பாய்ந்து சுவரில் எவ்வளவு உயரத்தைத் தொடுகிறான் என்று பார்க்கும் சோதனை இது. எட்டு மாதத்தில் ஏழு சென்ரிமீற்றர் கூடியிருந்தால் எந்த உடற்கல்வி ஆசிரியருக்கும் மனம் குளிரும். எனக்கும் குளிர்ந்தது. கரப்பந்தாட்டப் பொறுப்பாசிரியரிடம் போய் அவனை அணியில் சேர்க்கும்படி சொல்லியும் விட்டேன்.

அன்று மாலை கொப்பியை மறுபடி பார்த்தபோதுதான் ஒரு நிரல் வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டது. நிலைக்குத்துப் பாய்தலில் இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். மாணவன் குதிகால் நிலத்தில் பதிய நின்று, கையை உயர்த்திச் சுவரில் எட்டும் உயரம் ஒன்று. பாய்ந்து தொடும் உயரம் மற்றொன்று. இரண்டின் வித்தியாசமே அவன் பாய்ந்த அளவு. செப்டெம்பரில் நேரம் போதாமல், ஜனவரியில் எடுத்த எட்டும் உயரத்தையே பயன்படுத்தும்படி உதவிக்கு நின்ற மாணவத் தலைவர்களிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை அவனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். ஜனவரியில் 204 சென்ரிமீற்றராக இருந்த எட்டும் உயரம் 210 ஆகியிருந்தது. பதினான்கு வயதுப் பையன், வளர்ந்துவிட்டான். உயரம் கூடும்போது கையும் நீளுவதால், எட்டும் உயரம் உடல் உயரத்தைவிடச் சற்று வேகமாகவே கூடும். செப்டெம்பரில் அவன் தொட்டது 252. அதிலிருந்து 204ஐக் கழித்தால் 48 வருகிறது. 210ஐக் கழித்தால் 42. அவனுடைய முன்னேற்றம் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த ஏழு சென்ரிமீற்றரில் ஆறு வெறும் வளர்ச்சி.

சோதனையை நியமப்படுத்துவது என்றால் என்ன என்பதை இந்த ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம். இரண்டு தவணைகளில் இரண்டு எண்கள் கிடைக்கின்றன. அவற்றின் வித்தியாசத்துக்குப் பிள்ளை மட்டுமே காரணமாக இருக்க வேண்டும். அளந்தவர், அளந்த விதம், இடம், நேரம், காற்று, எத்தனை முயற்சி கொடுத்தோம் என்பவை மாறினால் அவையும் அந்த வித்தியாசத்துக்குள் நுழைந்துவிடும். நுழைந்த பிறகு எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம். என் விடயத்தில் தொட்ட உயரத்தைத் தனியாக எழுதி வைத்திருந்ததால் தப்பினேன். வித்தியாசத்தை மட்டும் எழுதியிருந்தால் 48 என்ற எண் அப்படியே நிலைத்திருக்கும். ஆகவே முதல் விதி, எட்டும் உயரத்தையும் தொட்ட உயரத்தையும் தனித்தனி நிரல்களில் எழுதுவது; எட்டும் உயரத்தை ஒவ்வொரு தவணையும் புதிதாக எடுப்பது.

எட்டும் உயரத்தை எடுக்கும் விதத்தில்தான் பாய்தல் சோதனை அதிகமாகக் கெடுகிறது. பிள்ளைகளைக் கையை உயர்த்தச் சொன்னால் பலர் தோளை ஏற்றாமல் கையை மட்டும் நீட்டுவார்கள். தோளையும் முழுமையாக ஏற்றச் சொன்னால் விரல் நுனி பல சென்ரிமீற்றர் மேலே போகும். பாயும்போது எவரும் தோளை ஏற்றித்தான் தொடுவார்கள். எனவே சோம்பலாக எட்டிய பிள்ளைக்கு அந்தச் சென்ரிமீற்றர்கள் இலவசமாகக் கிடைத்துவிடும். சில கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்து, எட்டும்போது வேண்டுமென்றே தோளைத் தாழ்த்தி நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

நான் இப்போது செய்வது இதுதான். பிள்ளை எழுதும் கைப்பக்கம் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். இரு குதிகால்களும் நிலத்தில் இருக்க வேண்டும். நடுவிரல் நுனியில் வெண்கட்டித் தூள் பூசி, "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று நானே சொல்லி முடிந்த மட்டும் எட்ட வைக்கிறேன். ஒரு மாணவத் தலைவர் குனிந்து குதிகாலை மட்டும் கவனிக்கிறார். இதை இரண்டு முறை செய்து, கூடிய அளவை எழுதுகிறேன். இரண்டுக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எட்ட வைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பாய்தலுக்கும் அதேபோல் ஒரே முறை வேண்டும். கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, முழங்காலை விரைவாக மடித்து, கைகளை வீசி மேலே பாயலாம். முன்னே ஓரடி எடுத்து வைக்கக்கூடாது. பாயும் முன் சிறு துள்ளலும் கூடாது. கைவீச்சு இருந்தால் பாய்ச்சல் குறிப்பிடத்தக்க அளவு கூடும். ஓரடி எடுத்து வைத்தால் இன்னும் கூடும். கைவீச்சுடனா இல்லாமலா என்பதில் எதைத் தேர்ந்தாலும் பிழையில்லை. சுவரைத் தொடக் கையை உயர்த்தத்தான் வேண்டும் என்பதால் கைவீச்சை அனுமதிப்பதே பள்ளிப் பிள்ளைகளுக்கு இயல்பானது. தேர்ந்ததைப் பிறகு மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

அடையாளத்தை வாசிப்பதிலும் ஒரு சிறு விடயம் உண்டு. நிலத்தில் நின்று அண்ணாந்து பார்த்து 250 என்று வாசிப்பவரும், முக்காலியில் ஏறிக் கண்மட்டத்தில் வாசிப்பவரும் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டார்கள். அளவு நாடா சுவரோடு ஒட்டாமல் சற்று விலகியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். முக்காலி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மண்டபச் சுவர் வெள்ளை என்பதால் நீல வெண்கட்டியைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைக்கிறோம். துடைக்காவிட்டால் பத்தாவது பிள்ளைக்கு வரும்போது எந்தக் கோடு யாருடையது என்பதே சண்டையாகிவிடும்.

கைத்தொலைபேசியில் பாய்ச்சலைப் படம்பிடித்து உயரம் சொல்லும் செயலிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தலாமா என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பயன்படுத்தலாம், ஆனால் சுவரில் எடுத்த எண்ணோடு கலக்கக்கூடாது. அவை தொடும் உயரத்தை அளப்பதில்லை. கால் நிலத்தை விட்டுக் காற்றில் இருந்த நேரத்தை அளந்து, கீழே உள்ள கணக்கைப் போடுகின்றன:

```
h = g × t² ÷ 8
```

h பாய்ந்த உயரம், g புவியீர்ப்பு முடுக்கம், t காற்றில் இருந்த நேரம். அரைச் செக்கன் காற்றில் இருந்தால் உயரம் ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர். இறங்கும்போது பிள்ளை முழங்காலை மடித்து நிலத்தைத் தொடுவதைத் தாமதித்து 0.54 செக்கன் ஆக்கினால் கணக்கு 36 சென்ரிமீற்றர் என்று சொல்லும். பாய்ச்சல் அதேதான். எனவே அந்த முறையில் காலை நீட்டியபடி இறங்குவதுதான் முக்கிய விதி. சுவர் முறையில் எட்டும் உயரம்தான் முக்கிய விதி. ஆண்டின் தொடக்கத்தில் எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

30 மீற்றர் ஓட்டத்துக்கு வருவோம். அதே பையனின் ஓட்டம் ஜனவரியில் 4.86 செக்கன், செப்டெம்பரில் 4.62. பாய்தல் எண்ணை என்னால் திருத்த முடிந்தது. இதைத் திருத்த முடியவில்லை. காரணத்தை ஓட்டம் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் தேட வேண்டும்.

ஜனவரியில் விசில் ஊதித் தொடங்கினோம். செப்டெம்பரில் விசில் கொண்டுவர மறந்ததால், "தயாரானதும் நீயே ஓடு, நீ அசைந்ததும் கடிகாரத்தை அழுத்துகிறோம்" என்று சொல்லிவிட்டோம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. விசில் கேட்டு, மூளை அதை உணர்ந்து, கால் அசையப் பிள்ளைக்கு ஏறத்தாழ 0.2 செக்கன் எடுக்கும். விசில் முறையில் அந்த நேரம் ஓட்ட நேரத்துக்குள் வருகிறது. தானே ஓடும் முறையில் அது வருவதே இல்லை. நிறுத்தற்கடிகாரம் பிடிப்பவருக்கும் இதே 0.2 செக்கன் தாமதம் உண்டு. ஆனால் அவர் இரண்டு முறையிலும் தாமதிக்கிறார், ஆகவே ஒப்பீட்டில் அது பெரிதாகத் தலையிடுவதில்லை. பிள்ளையின் தாமதம் ஒரு முறையில் மட்டுமே சேர்கிறது. என் பையன் 0.24 செக்கன் வேகமடைந்ததாக எழுதியிருந்தேன். அதில் 0.2 வரை விசில் இல்லாததால் வந்திருக்கலாம். மீதி எவ்வளவு என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த ஆண்டின் ஓட்டப் பெறுபேறுகளை ஒப்பிடுவதைக் கைவிட்டேன்.

விசில் முறையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கடிகாரம் பிடிப்பவர் முடிவுக் கோட்டில் நிற்கிறார். விசில் தொடக்கக் கோட்டில் ஊதப்படுகிறது. ஒலி 30 மீற்றர் கடக்க ஏறத்தாழ 0.09 செக்கன் எடுக்கும். ஓடுபவருக்கு விசில் உடனே கேட்கிறது. நேரம் எடுப்பவருக்கு அது பிந்திக் கேட்கிறது. விசிலைக் கேட்டு அழுத்துபவர், ஊதுபவரின் கை இறங்குவதைப் பார்த்து அழுத்துபவரைவிடக் குறைந்த நேரத்தைத் தருவார். ஒரு தவணையில் ஒருவர் காதை நம்பி, அடுத்த தவணையில் இன்னொருவர் கண்ணை நம்பினால், பிள்ளை ஒன்றும் செய்யாமலே மெதுவாகிவிடுவான்.

நான் இப்போது பிள்ளை தானே ஓடும் முறையையே வைத்திருக்கிறேன். ஒலி சரியாகக் கேட்டதா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. முன்கால் கோட்டின் பின்னால், பின்கால் வசதியான தூரத்தில், உடல் அசையாமல் இரண்டு செக்கன் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் ஆடி உந்து எடுத்தால் திரும்ப நிற்க வைக்கிறேன். பின்கால் நிலத்தை விட்டு எழும் கணத்தில் கடிகாரம் தொடங்கும். நெஞ்சு முடிவுக் கோட்டைக் கடக்கும் கணத்தில் நிற்கும். தலையோ நீட்டிய கையோ கணக்கில்லை. மூன்று பேர் மூன்று கடிகாரங்களோடு முடிவுக் கோட்டுக்கு நேராக, ஓடுபாதையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். மூன்று நேரங்களில் நடுவில் வருவதை எழுதுகிறோம். சராசரி எடுத்தால் ஒருவர் தவறி அழுத்தியது மற்ற இருவரையும் இழுத்துவிடும். நடு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. அந்த மூவரும் மூன்று தவணைகளிலும் அதே மூவராக இருப்பதுதான் சிரமம். தரம் 12 மாணவர்களைத் தேர்ந்தால் இது ஓரளவு முடியும்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலடியால் அளந்து கூம்பு வைத்த காலம் எனக்கும் உண்டு. முடிவுக் கோட்டை நெருங்கும்போது பிள்ளை செக்கனுக்கு ஏறத்தாழ ஏழு மீற்றர் வேகத்தில் வருகிறான். கூம்பு அரை மீற்றர் கிட்ட வைக்கப்பட்டிருந்தால் 0.07 செக்கன் சும்மா கிடைத்துவிடும். இப்போது மைதான ஓரத்து வடிகால் சீமெந்து விளிம்பில் தொடக்கத்தையும் முடிவையும் பெயின்ட் கோடாகவே போட்டுவிட்டோம். முடிவுக் கோட்டுக்கு ஐந்து மீற்றர் அப்பால் ஒரு கூம்பு நிற்கும். அதுவரை ஓடும்படி பிள்ளைகளிடம் சொல்கிறோம். அது இல்லாவிட்டால் கோட்டைக் கண்டதும் பலர் கால்களைத் தளர்த்திவிடுகிறார்கள்.

சில பாடசாலைகள் மின்னணு நேரவாயில்களை இரவல் வாங்கிப் பயன்படுத்துகின்றன. பிள்ளை ஒளிக்கதிரைக் கடக்கும்போது நேரத்தைத் தாமே பதியும் அவை கடிகாரத்தைவிட நுண்மையானவை. ஆனால் முதல் வாயிலுக்குச் சரியாக எவ்வளவு பின்னால் பிள்ளை நிற்கிறான் என்பது பெறுபேற்றை மாற்றும். அரை மீற்றர் பின்னால் நின்று தொடங்கினால், ஒளிக்கதிரை வெட்டும்போது உடல் ஏற்கெனவே வேகம் எடுத்திருக்கும். அந்தத் தூரத்தையும் எழுதி வையுங்கள். கடிகாரத்தில் எடுத்த நேரத்தோடு 0.24 செக்கன் கூட்டினால் மின்னணு நேரம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது துப்பாக்கி ஒலியில் தொடங்கும் 100 மீற்றர், 200 மீற்றர் போட்டிகளுக்காக வந்த திருத்தம். தானே தொடங்கும் நம் 30 மீற்றருக்கு அதைப் பொருத்தக்கூடாது.

அடுத்தது கொழும்பின் வானமும் காற்றும். நம்முடைய மூன்று தவணைகளும் மூன்று விதமான காலநிலையில் விழுகின்றன. முதலாந் தவணையின் தொடக்கம் ஓரளவு வரண்டது. இல்ல விளையாட்டுப் போட்டிகளும் அப்போதுதான், பிள்ளைகள் பயிற்சியில் இருப்பார்கள். இரண்டாந் தவணை தென்மேல் பருவக்காற்றோடு தொடங்குகிறது. மூன்றாந் தவணையில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் ஆனதும் இடியும் மழையும். நனைந்த புல்லில் ஓடிய நேரத்தைக் காய்ந்த புல்லில் ஓடிய நேரத்தோடு ஒப்பிட எந்தத் திருத்தமும் உதவாது. ஆகவே ஒரு சோதனைக்கு இரண்டு நாட்களை ஒதுக்குகிறேன். முதல் நாள் நிலம் ஈரமாக இருந்தால் இரண்டாம் நாள். அன்றும் ஈரமென்றால் அடுத்த வாரம். பாய்தல் மண்டபத்துக்குள் நடப்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

நேரம் எப்போதும் காலை 8 மணிக்கும் 9.30க்கும் இடையில். உடல் வெப்பநிலை காலையில் குறைந்து மாலையில் கூடும். பாய்தலும் வேக ஓட்டமும் அதோடு சேர்ந்து பிற்பகலில் சற்றுச் சிறக்கும். காலையில் ஒரு தவணையும் பாடசாலை விட்ட பின் இன்னொரு தவணையும் எடுத்தால் பயிற்சியின் பலன் என்று நாம் நினைப்பது வெறும் கடிகார முள்ளின் பலனாக இருக்கலாம். காலையைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரத்தில் மைதானம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நண்பகலை நெருங்க நெருங்கக் கடற்காற்று ஏறிவிடும். காலையில் பெரும்பாலும் அது அடங்கியிருக்கும். பருவக்காற்றுக் காலத்தில் காலையிலும் காற்று இருக்கும் என்பதால், தொடக்கக் கோட்டருகே ஒரு கம்பில் மெல்லிய நாடா கட்டியிருக்கிறேன். நாடா தொங்கினால் ஓடலாம். எழுந்து நின்றால் காத்திருக்க வேண்டும். எல்லோரும் எல்லாத் தவணையும் ஒரே திசையில்தான் ஓடுகிறார்கள்.

உடலைச் சூடாக்குவதும் மாறக்கூடாது. மூன்று நிமிட மெல்லோட்டம், அசைவோடு செய்யும் பயிற்சிகள், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் இரண்டு 20 மீற்றர் ஓட்டங்கள், மெதுவாகத் தொடங்கி மூன்று பாய்ச்சல்கள். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து இழுக்கும் நீட்டல்களைச் சோதனைக்கு முன் செய்விப்பதில்லை, அவை பாய்ச்சலைச் சற்றுக் குறைக்கும். பிறகு முதலில் பாய்தல், அடுத்து ஓட்டம். பாய்தலுக்கு மூன்று முயற்சிகள், இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஓட்டத்துக்கு இரண்டு முயற்சிகள், இடையில் மூன்று நிமிடம். இரண்டிலும் சிறந்ததை எடுக்கிறோம். முயற்சிகளின் எண்ணிக்கையும் பெறுபேற்றில் சேரும். மூன்று முறை பாய்ந்ததில் சிறந்ததைவிட ஐந்து முறை பாய்ந்ததில் சிறந்தது சராசரியாகக் கூடுதலாகவே இருக்கும். "ரீச்சர், இன்னும் ஒரு முறை" என்று கெஞ்சும் பிள்ளைக்கு இரக்கப்பட்டு நாலாவது முயற்சி கொடுத்தால், கெஞ்சாமல் போன பிள்ளைக்கு அநீதி செய்கிறோம். இதில் நான் இப்போது இறுக்கமாக இருக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்தாலும் ஒரே பிள்ளை இரண்டு நாட்களில் ஒரே எண்ணைத் தர மாட்டான். திங்கள் 41, புதன் 43. இரண்டு நாட்களில் எவரும் பலம் பெற்றுவிடுவதில்லை. இது அந்தச் சோதனையின் இயல்பான தள்ளாட்டம். தவணைகளுக்கு இடையில் கண்ட மாற்றம் இந்தத் தள்ளாட்டத்தைவிடப் பெரிதா என்று கேட்காமல் முன்னேற்றம் என்று அறிவிக்க முடியாது. நூல்களில் இதற்கு எண்கள் கிடைக்கும். ஆனால் அவை அவர்களுடைய பிள்ளைகள், அவர்களுடைய கருவிகளின் எண்கள். உங்கள் மண்டபத்தின் தள்ளாட்டத்தை நீங்களே அளப்பது ஒன்றும் கடினமல்ல.

பத்துப் பிள்ளைகளைத் திங்களும் புதனும் ஒரே முறையில் சோதியுங்கள். இரண்டாம் நாள் எண்ணிலிருந்து முதல் நாள் எண்ணைக் கழியுங்கள். என் பத்துப் பேரின் பாய்தல் வித்தியாசங்கள் சென்ரிமீற்றரில் இப்படி வந்தன: 1, −2, 0, 2, −1, 3, −1, 0, −2, 1. இவற்றின் சராசரி 0.1. அதாவது வகுப்பு மொத்தமாக மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. இது நல்ல அறிகுறி. சராசரி இரண்டு, மூன்று என்று வந்திருந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அல்லது பிள்ளைகள் சோதனையையே இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிதாகப் பாய்பவர்கள் உச்சியில் தொடாமல் ஏறும்போதே சுவரைத் தட்டிவிடுவார்கள். பழகியதும் அது சரியாகி எண் கூடும். அதனால் ஆண்டின் முதல் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே, எண்ணை எழுதாமல் ஒரு பழகும் நாள் வைக்கிறேன்.

அடுத்து அந்தப் பத்து வித்தியாசங்களின் நியமவிலகலைக் காண வேண்டும். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு அது. கணினியில் Excel விரிதாளின் D நிரலில் இரண்டாம் வரியிலிருந்து எண்களை இட்டால் ஒரு வரி போதும்:

```
=STDEV.S(D2:D11)
```

எனக்குக் கிடைத்தது 1.66. அதன் இரு மடங்கு ஏறத்தாழ 3.3 சென்ரிமீற்றர். ஒரு பிள்ளையின் பாய்தல் இரண்டு தவணைகளுக்கு இடையில் இதற்கு மேல் மாறினால், அது வெறும் தள்ளாட்டமாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. அதற்குள் இருந்தால் மாறியது என்று சொல்ல மாட்டேன். ஓட்டத்தில் எங்கள் நியமவிலகல் 0.08 செக்கன், எனவே எல்லை 0.16. பத்துப் பிள்ளைகளில் எடுத்த எண் அவ்வளவு உறுதியானதல்ல என்பதால் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்து எல்லையைத் திரும்பக் கணக்கிடுகிறேன். இந்த எல்லைக்கும் ஒரு எல்லை உண்டு. மாற்றமே இல்லாத நாற்பது பிள்ளைகளைச் சோதித்தாலும் இரண்டு பேர் அளவில் தற்செயலாக இதைத் தாண்டுவார்கள், ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக. அதனால் தாண்டிய பிள்ளையை அடுத்த வாரம் இன்னொரு முறை சோதிப்பது நல்லது. பத்து நிமிட வேலைதான்.

இந்தக் கணக்கோடு பார்த்தால் என் பையனின் 41உம் 42உம் ஒரே எண்தான். பொறுப்பாசிரியரிடம் திரும்பப் போய் நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். அவர் பையனை அணியிலிருந்து எடுக்கவில்லை. எட்டும் உயரம் 210 என்பதே வலைக்கருகில் ஆடப் பயன்படும் என்றார். அது உண்மை. பாய்ச்சல் கூடியதா என்ற கேள்விக்கும் பையன் பயன்படுவானா என்ற கேள்விக்கும் விடைகள் வேறு வேறு. என் எண் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியது. அந்த எண்ணாலும் ஏன் கூடியது என்று சொல்ல முடியாது. இந்த வயதில் தசை வளர்ச்சியே பாய்ச்சலையும் வேகத்தையும் கூட்டும், பயிற்சி செய்யாத பிள்ளைக்கும்கூட. பயிற்சியின் பங்கை அறிய வேண்டுமானால் அந்தப் பயிற்சி இல்லாத அதே வயது வகுப்பையும் அதே முறையில் சோதித்து அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் எல்லாவற்றையும் புதிய முறையில் தொடங்கினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. திகதி, நேரம், நிலம் காய்ந்ததா, நாடா தொங்கியதா, சப்பாத்தா வெறுங்காலா, கடிகாரம் பிடித்தவர்கள் யார், எட்டும் உயரம், மூன்று பாய்ச்சல்களிலும் தொட்ட உயரம், இரண்டு ஓட்டங்களின் மூன்று மூன்று நேரங்கள். கழித்தல் கணக்கு கடைசி நிரலில். அவனுடைய அட்டையில் ஜனவரி எட்டும் உயரம் 211, தொட்டது 254, பாய்தல் 43, ஓட்டம் 4.58. ஜூனில் எட்டும் உயரம் 214, தொட்டது 261, பாய்தல் 47, ஓட்டம் 4.49. பாய்தல் நான்கு சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது, எல்லை 3.3. அடுத்த வாரம் மறுபடி பாய வைத்தேன், 47 தான். ஓட்டம் 0.09 செக்கன் குறைந்திருக்கிறது, எல்லை 0.16.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவனுடைய அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஓட்டத்திலும் வேகமாகியிருக்கிறான் போல இருக்கிறதே ரீச்சர்?" என்று கேட்டார். "பாய்ச்சல் கூடியிருக்கிறது அம்மா, அதை உறுதியாகச் சொல்கிறேன். ஓட்டத்தைப் பற்றி மூன்றாந் தவணையில் சொல்கிறேன்" என்றேன்.